முகவரிக்கு ஒன்பது பக்கம்

ஒரு முகவரியில் என்ன இருக்கும்? கதவு எண், தெரு, பகுதி, ஊர், பின்கோடு, பக்கத்தில் ஏதாவது அடையாளம். இவ்வளவுதான். இதை ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதி முடித்தபோது ரமாவுக்கு ஒன்பது பக்கம் ஆகியிருந்தது.

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் யேசுதாசனின் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. ரமா அங்கே எட்டு வருடமாக, பாஸ்கல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லிக்கொடுத்தாள். இடையிடையே கடைக்காரர்களுக்குப் புரோகிராமும் எழுதிக்கொடுத்தாள். தொண்ணூற்றெட்டாம் வருடம் யேசுதாசன் மயிலாப்பூரில் மூன்று நாள் செமினார் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தார். அதற்குப் பிறகு சென்டரில் எல்லாமே ஜாவாதான் என்று ஆகிவிட்டது. வாசல் போர்டைக்கூட மாற்றி எழுதினார்கள்.

"ரமா, இனிமே எதையும் நேரா தொடக் கூடாது" என்றார். "உள்ள இருக்கிற ஒவ்வொரு விஷயத்துக்கும் ரெண்டு கதவு. ஒண்ணு கேட்டு வாங்க, ஒண்ணு மாத்த. ஒவ்வொரு கதவுக்கும் மேல கட்டம் போட்டு விளக்கம் எழுதணும். அதான் இப்ப ஸ்டாண்டர்டு."

"தெருப் பேருக்குமா சார்?"

"தெருப் பேருக்கும்தான்."

"பின்கோடுக்கு?"

"ஏன் ரமா இப்படிக் கேக்குற? பின்கோடு மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?"

அவள் போய் எழுதத் தொடங்கினாள். பேசியும் பயனில்லை. எழுதி முடித்த புரோகிராமை முழுக்க அச்செடுத்து, ரெக்ஸின் அட்டை போட்டு, பொன்னெழுத்தில் பெயர் பொறித்து வாடிக்கையாளர் கையில் கொடுப்பது யேசுதாசனின் வழக்கம். வாங்குகிறவர் அதைப் படிக்கப்போவதில்லை, கையில் வைத்துக் கனம் பார்ப்பார். கனமாக இருந்தால் வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்பது பக்க முகவரி யேசுதாசனுக்கு மனநிறைவைத் தந்தது. மாணவர்களுக்கு ரமா கரும்பலகையில் எழுதிக் காட்டும், 'ரெக்கார்டு' என்னும் பாஸ்கல் வடிவத்தில் இதே முகவரி எட்டு வரியில் முடிந்துவிடும். மேலே பெயர், கீழே 'எண்ட்', நடுவில் ஆறு விவரம்.

அந்தப் புரோகிராம் சேலையூர் பக்கம் இருந்த ஒரு சமையல் கேஸ் ஏஜென்சிக்குப் போனது. ஏஜென்சிக்காரர் லோகநாதன். அந்தப் பக்கத்து நிலம் பாதி ஒரு காலத்தில் அவருடைய அப்பாவுக்குச் சொந்தமாக இருந்ததாம். நிலம் மனையாகி விற்றுப்போன பிறகு அவர் கேஸ் ஏஜென்சி எடுத்தார். 'டேட்டாபேஸ் எல்லாம் காசு கொடுத்து வாங்கணும்' என்று யேசுதாசன் சொன்னதால், வாடிக்கையாளர் எல்லோரையும் ஒரே கோப்பில் அப்படியே கொட்டி வைக்கும்படி ரமா எழுதியிருந்தாள். காலையில் கடை திறந்ததும் அந்தக் கோப்பு முழுவதும் கம்ப்யூட்டருக்குள் ஏறும், மூடும்போது முழுவதும் திரும்ப எழுதப்படும்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது கிருபா. அனகாபுத்தூர்ப் பெண். ரமாவிடம் படித்தவள். ரமா சொல்லித்தான் லோகநாதன் அவளை வேலைக்கு எடுத்திருந்தார்.

அந்தக் கிருபா ஒரு புதன்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே வந்து நின்றாள். அழுத முகமாக இல்லை. எரிச்சல் முகமாக இருந்தது.

"அக்கா, கொஞ்சம் வெளிய வர்றீங்களா? உங்க புரோகிராம் என்னைத் திருடி ஆக்கிடுச்சு."

வராந்தாவில் நின்று அவள் சொன்னது இதுதான். துளசிங்கம் என்று ஒரு பெரியவர், சேலையூரில் இருக்கிறார். மாதக் கணக்கில் அவருக்குச் சிலிண்டர் வரவில்லை. விசாரித்தால், அவர் பெயரில் போன சிலிண்டர் எல்லாம் முடிச்சூரில் அவர் மகன் வீட்டில் இறங்கியிருக்கிறது. மகன் போன வருடம்தான் அங்கே மனை வாங்கி, வீடு கட்டித் தனியாகப் போயிருந்தான். கம்ப்யூட்டரில் பார்த்தால் அப்பாவின் முகவரியும் முடிச்சூர் என்றே இருக்கிறது. மகனைக் கேட்டால், 'வந்துச்சு, வாங்கிக்கிட்டேன்' என்கிறான். இதே போல இன்னும் நாலைந்து குடும்பம்.

"ஓனர் இன்னா சொல்றாரு தெரியுமாக்கா? கம்ப்யூட்டரைத் தொடறது நீ ஒருத்திதான், அப்பன் அட்ரஸைப் புள்ள வூட்டுக்கு மாத்தித் தர எவ்ளோ வாங்கினேன்னு கவுண்டர்லயே கேக்குறாரு. சிலிண்டருக்குக் கெடக்கிற கூட்டம் அவ்ளோவும் நின்னு பாக்குது. சனிக்கிழமைக்குள்ள ஒத்துக்கிட்டா வேலை மட்டும் போவுமாம். இல்லன்னா ஸ்டேஷனாம்."

"நீ மாத்தாம அது எப்படி மாறும் கிருபா?"

கேட்ட பிறகுதான் ரமாவுக்குத் தான் என்ன கேட்டோம் என்பது உறைத்தது. கிருபா அவளையே பார்த்தாள். கீழே ஒரு லாரி ஹாரனை அடித்துக்கொண்டே நின்றது, போனது.

"நீங்களுமா?" என்றாள் கிருபா கடைசியில். "சரிக்கா. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் படியிறங்கிப் போனாள். ரமா வகுப்புக்குத் திரும்பி, பாதியில் நின்ற வாக்கியத்தை முடித்தாள். என்ன சொல்லிக்கொடுத்தோம் என்று பின்னால் அவளுக்கு நினைவில்லை.

மறுநாள் சென்டர் கம்ப்யூட்டரில் அதே புரோகிராமை ஓட்டிப் பார்த்தாள். ஒரு வாடிக்கையாளரைச் சேர்த்தாள், முகவரியை மாற்றினாள். மாறியது. இன்னொருவரைத் திறந்தாள். அவர் தன் பழைய முகவரியில் நிம்மதியாக இருந்தார். பத்து பேரைச் சேர்த்து ஒவ்வொருவராக வீடு மாற்றினாள். ஒருவரை மாற்றினால் மற்றவர் அசையவில்லை. எல்லாம் சரியாகவே இருந்தது. சரியாக இருப்பது அவளுக்கு எரிச்சலை மூட்டியது. புரோகிராம் சரி என்றால் கிருபா பொய் சொல்கிறாள். அப்படி நினைக்கவும் முடியவில்லை, நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

அடுத்து, சென்டரில் இருந்த ரெக்ஸின் அட்டைப் பிரதியை எடுத்துப் படிக்கத் தொடங்கினாள். முகவரியின் ஒன்பது பக்கம். கட்டம், கட்டத்துக்குள் விளக்கம். 'இது தெருவின் பெயரைத் திருப்பித் தரும்.' கீழே மூன்று வரி, அது தெருவின் பெயரைத் திருப்பித் தந்தது. அடுத்த கட்டம். 'இது தெருவின் பெயரை மாற்றும்.' கீழே மூன்று வரி. பிறகு பகுதி. பிறகு ஊர். நாலாவது பக்கத்தில் கண் எழுத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. தானே எழுதியது, படிக்க முடியவில்லை. ஏதாவது பிழை இருந்தாலும் இந்தக் கட்டங்களுக்கு நடுவில் அது சௌகரியமாக ஒளிந்துகொள்ளும் என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. யேசுதாசன் பக்கத்து அறையிலிருந்து, "ரமா, யு.பி.எஸ். பேட்டரிக்குத் தண்ணி ஊத்தினாங்களா?" என்றார்.

"தெரியாது சார்."

"யாருக்குத்தான் தெரியும்?"

ரமா ஒரு வெள்ளைத் தாளை இழுத்தாள். யேசுதாசன் மேஜையில் கொண்டுபோய் வைக்கலாம், 'பாருங்க சார், உங்க ஒன்பது பக்கம் இவ்வளவுதான்' என்று சொல்லலாம் என்ற கோபம். பாஸ்கலில் முகவரி ரெக்கார்டை எழுதினாள். எட்டு வரி. ஒரு பார்வையில் மொத்தமும் தெரிந்தது. கோபம் தீராமல், அதைப் பயன்படுத்துவதும் எவ்வளவு எளிது என்று காட்ட, கீழே இன்னொரு வரி எழுதினாள். மகனின் முகவரிக்கு அப்பாவின் முகவரியைக் கொடு.

பேனா அங்கேயே நின்றது.

புதிய இணைப்புத் திரையில் 'அதே முகவரி' என்று ஒரு சாவி வைத்திருந்தாள். ஒரே வீட்டில் தனி ரேஷன் கார்டு வாங்கிய மகன் புது இணைப்பு கேட்டால், கிருபா முகவரியை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம். அப்பாவின் எண்ணைக் கொடுத்து அந்தச் சாவியை அழுத்தினால் போதும். அந்தச் சாவிக்குப் பின்னால் இருந்ததும் இதே ஒரு வரிதான். எட்டு வருடமாக எழுதிப் பழகிய வரி. பாஸ்கலில் அப்படி எழுதினால் ஆறு விவரமும் நகலாகிப் போகும். அப்பாவிடம் ஒன்று, மகனிடம் ஒன்று, இரண்டும் வேறு வேறு. ஜாவாவில் நகல் எதுவும் போகாது. இருப்பது ஒரே முகவரி, அதை இரண்டு பேரும் சுட்டிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். மகன் முடிச்சூருக்குப் போனால், முகவரி மாற்றும் திரை அந்த ஒரே முகவரிக்குள் கதவு வழியாகப் புகுந்து தெருவை மாற்றும், பகுதியை மாற்றும், பின்கோடை மாற்றும். அப்பா சேலையூரில் உட்கார்ந்தபடியே முடிச்சூருக்குப் போய்விடுவார். சாயங்காலம் கோப்பு எழுதப்படும்போது, 'இவர்கள் இருவருக்கும் ஒரே முகவரி' என்பதும் பத்திரமாகச் சேர்த்து எழுதப்படும். மறுநாள் காலையிலும் பிரியாமல் வருவார்கள்.

சற்று முன் சோதித்த பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட அவள் அந்தச் சாவியை அழுத்தவில்லை.

தன் மேல்தான் எரிச்சல், ஆனால் அதைத் தன் மேல் காட்டுவது எப்படி என்று தெரியவில்லை. கரண்டு வந்தது. எழுந்து யேசுதாசன் அறைக்குப் போனாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, திருத்திடு. நகல் எடுத்துக் கொடுக்கிற மாதிரி மாத்து. ஒரு ஃப்ளாப்பியில போட்டு, அப்டேட்னு சொல்லிக் கொண்டுபோய் ஏத்திட்டு வந்துடு."

"நகல் எடுத்தா இந்த ஒரு இடம் சரியாகும் சார். நாளைக்கு வேற எங்கயாவது ரெண்டு பேரு ஒரே முகவரியைப் பிடிச்சா மறுபடி இதே கதைதான். மாத்துற கதவே இருக்கக் கூடாது. உருவாகும்போது ஆறு விவரமும் உள்ள போகட்டும், அதோட பூட்டிடலாம். வீடு மாறினா புது முகவரி ஒண்ணு உண்டாக்கி ஆள் கையில கொடுத்துடலாம். அப்புறம் எத்தனை பேர் ஒண்ணைச் சுட்டினாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகாது. முகவரி வெறும் விவரம் சார். அதுக்கு எதுக்கு இத்தனை கதவு?"

"அப்ப ஒன்பது பக்கம்?"

"ஒரு பக்கம்கூட வராது."

யேசுதாசன் வலி கண்டவர் போல் முகத்தைச் சுளித்தார். "சரி, பண்ணித்தொலை. ஆனா நம்ம தப்புன்னு அங்க வாயைத் திறக்காதே. நம்ம முதல் ஜாவா ஆர்டர் அது. அந்தாளு மூணு பேருக்குச் சொல்லுவான்."

"அந்தப் பொண்ணைத் திருடின்னு சொல்லிட்டு இருக்காரு சார்."

"தெரியும். நானே வேற இடத்துல வேலை பார்த்துக் கொடுக்கிறேன். கெட்டிக்காரப் பொண்ணு."

ரமா நின்றாள். அவர் ஏதாவது இன்னும் சொல்வார் என்று காத்திருந்தாள். அவரும் அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தது போல் இருந்தது. அவள் போய் வேலையை ஆரம்பித்தாள்.

வேலையும் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. முகவரியின் கதவுகளை எடுத்ததும், பழைய கோப்பைப் படிக்க மாட்டேன் என்று புதிய புரோகிராம் அடம்பிடித்தது. வடிவம் மாறிவிட்டதாம், அடையாளம் தெரியவில்லையாம். பழைய புரோகிராமை வைத்து எல்லோரையும் வெறும் எழுத்தாக வெளியே கொட்டி, புதியதை வைத்து உள்ளே வாங்குவதற்குத் தனியாக இரண்டு சின்னப் புரோகிராம் எழுதினாள். புதிய முகவரி மட்டும் நெஞ்சில் உறுத்தவில்லை. பெயர், ஆறு விவரம், அவற்றை ஒருமுறை நிரப்பும் ஒரு இடம். அச்செடுத்தபோது தாளில் பாதி காலியாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஃப்ளாப்பிகளோடு ஏஜென்சிக்குப் போனாள். கிருபாவையும் வரச் சொல்லியிருந்தாள். கிருபா வந்தாள், ஆனால் உள்ளே நுழையாமல் வாசலில் செருப்போடு நின்றாள். கவுண்டர் முன்னால் கூட்டம். முதலில் நின்றவர் துளசிங்கம். கேஸ் புத்தகத்தைக் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

"இன்னாம்மா, உன் சிஷ்யை தனக்காகப் பேச உன்ன இட்டாந்துகீதா?" என்றார் லோகநாதன்.

"இல்ல சார். ஒண்ணு காட்டணும். நீங்க இப்படி வந்து உக்காருங்க."

அவர் முனகிக்கொண்டே கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார். பழைய புரோகிராம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ரமா ஒரு பொய் வாடிக்கையாளரைச் சேர்த்தாள். பெயர் 'அப்பா', சேலையூர். இன்னொருவர் 'மகன்'. அவருக்கு முகவரி தட்டச்சு செய்யாமல் 'அதே முகவரி'ச் சாவியை அழுத்தினாள்.

"இப்ப மகனை மட்டும் வீடு மாத்துங்க சார். உங்களுக்குப் பிடிச்ச ஊருக்கு."

"பள்ளிக்கரணைக்கு அனுப்பறேன்" என்றார் லோகநாதன். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். கூட்டம் எட்டிப் பார்த்தது.

"இப்ப அப்பாவைத் திறங்க."

அப்பாவும் பள்ளிக்கரணையில் இருந்தார்.

"அட, பெரியவரையும் கொண்டுபோய்ப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துல தள்ளிட்டாரு ஓனரு" என்று வரிசையில் யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது. துளசிங்கம் சிரிக்கவில்லை. லோகநாதன் நம்பாமல் அப்பாவை அனகாபுத்தூருக்கு மாற்றினார். மகனும் அங்கே போனான். மகனைத் திரும்பச் சேலையூருக்கு அழைத்துவந்தார். அப்பாவும் கூடவே வந்தார்.

"இன்னாம்மா இது? ரெண்டு பேரையும் ஒரே கயித்துல கட்டி வச்சிகினுகீற?"

"ஆமா சார். கட்டினது நான். நான் எழுதினதுல தப்பு. கிருபா மகனோட அட்ரஸை மட்டும்தான் மாத்தினா, கேட்டு வந்தவங்களுக்கு மாத்த வேண்டியதை மாத்தினா. அப்பாவோடதை அவ தொடவே இல்லை."

"உங்காளு கம்ப்யூட்டர்ல தப்பே வராதுன்னு சத்தியம் பண்ணான்."

"அவர் சொல்லியிருப்பார் சார். நான் சொல்லலை."

லோகநாதன் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தாடையைத் தேய்த்தார். வரிசை நகராத எரிச்சலில் பின்னால் சிலிண்டர் ஒன்றை யாரோ நங்கென்று வைத்தார்கள்.

"சரி. புதுசு ஏத்து" என்றார் ரமாவிடம். பிறகு வாசல் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அங்க இன்னாத்துக்கு நின்னுகினுகீற? வந்து உக்காரு."

கிருபா அசையவில்லை.

"உன்னத்தான்."

"திருடின்னு சொன்னது இங்க, இத்தனை பேர் முன்னாடி. இப்ப மட்டும் வந்து உக்காருன்னா எப்படி சார்?"

"இன்னா பேஜாரும்மா உன்னோட." லோகநாதன் எழுந்தார். வேட்டியை இறுக்கிக்கொண்டார். கவுண்டர் கம்பிக்கு அருகில் போய், கூட்டத்தின் மேலேயே எரிந்து விழுந்தார். "ஏய், எல்லாம் கேட்டுக்கங்க. இந்தப் பொண்ணு ஒரு பைசா வாங்கல. அட்ரஸு அதுவா மாறிக்கிச்சு. கண்ணால பாத்தீங்க இல்ல? நான் சொன்னது தப்பு. இதோட வுடுங்க, எவனாவது இனிமே பேசினா அவனுக்கு சிலிண்டர் லோடு கிடையாது." கிருபாவிடம் திரும்பினார். "போதுமா?"

கிருபா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். ரமாவைப் பார்க்காமலே தாண்டிப் போனாள். மன்னிப்புக் கேட்க நினைத்த ரமா கேட்காமலே இருந்துவிட்டாள். கேட்டால் அது இப்போதைக்குச் சின்னதாகப் போய்விடும் என்று தோன்றியது.

பழையதைக் கொட்டி, புதியதை ஏற்ற நேரம் பிடித்தது. ஆளுக்கொரு முகவரி ஆயிற்று, ஆனால் தொலைந்த முகவரிகள் தொலைந்தவைதான். துளசிங்கத்தின் சேலையூர் முகவரி எப்போதோ அழிந்து, அதன் மேல் முடிச்சூர் உட்கார்ந்திருந்தது. அவரிடமே கேட்டுத்தான் எழுத வேண்டும்.

"கதவு எண் சொல்லுங்க ஐயா."

அவர் பழைய எண், புது எண், முனிசிபாலிடிக்காரன் தப்பாக எழுதிவிட்டுப் போன எண், மூன்றையும் சொன்னார். வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். கிருபா பொறுமையாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தட்டினாள். தெரு, பகுதி, ஊர், பின்கோடு.

"பக்கத்துல அடையாளம்?"

"அடையாளம்…" துளசிங்கம் யோசித்தார். "முன்ன பையனோட ஒர்க்‌ஷாப்பு இருந்துச்சு. அதை மூடிட்டுதான் அங்க போனான். இப்ப எதிர்ல காலி மனை. அதுல யாரு இன்னா கட்டப் போறாங்களோ தெரியல."

"இருக்கிறதைச் சொல்லுங்க ஐயா."

"நான்தான் கீறேன்."

கிருபா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு 'துளசிங்கம் வீடு' என்றே தட்டினாள். அதைச் சேமித்துவிட்டு, யாரும் சொல்லாமலே, மகனுடைய எண்ணை அடித்துத் திறந்தாள். மகன் முடிச்சூரில் இருந்தான். திரும்ப அப்பாவைத் திறந்தாள். சேலையூர். இன்னொரு முறை மகன். முடிச்சூர்.

"சீக்கிரம்மா" என்றார் லோகநாதன். "பொழுது போயிகினுகீது."

"இருங்க சார்" என்றாள் கிருபா. மூன்றாவது முறையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் துளசிங்கத்துக்கு ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள்.